வேகமான காட்சியில் திரை ஏன் வால் விடுகிறது? ரெஸ்பான்ஸ் டைம், கோஸ்டிங், ஓவர்டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஆடும்போது ஓடுகிற ஆளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு நிழல் கூடவே வருகிறது. மானிட்டர் பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் அந்த நிழல் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நிழல் நன்றாகத் தெரிகிற நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிறகு நிதானமாகத் திறந்து பாருங்கள். அந்தப் படத்திலும் நிழல் இருந்தால் மானிட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேமே அப்படி வரைந்து அனுப்புகிறது. கேமின் மோஷன் பிளர் வசதி, முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து விளிம்பை மென்மையாக்கும் டிஏஏ, சிறிதாக வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் மூன்றுமே இப்படி வால் விடக்கூடியவை. அதை கேமின் கிராஃபிக்ஸ் மெனுவில்தான் சரிசெய்ய வேண்டும். மானிட்டர் மெனுவை எவ்வளவு நோண்டினாலும் போகாது.

ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கிறது, திரையில் மட்டும் வால் தெரிகிறது என்றால் அது பேனலின் வேலை. அதைத்தான் கோஸ்டிங் என்கிறோம். கீழே வரும் பதில்கள் எல்லாம் அதைப் பற்றியவை.

பிக்சல் நிறம் மாற ஏன் நேரம் ஆகிறது? மின்சாரம்தானே, உடனே மாற வேண்டாமா?

மின்னழுத்தம் உடனே மாறிவிடுகிறது. அதற்குக் கட்டுப்பட்டுத் திரும்ப வேண்டிய திரவப் படிகம்தான் மெதுவாக நகர்கிறது. எல்சிடி பிக்சல் தானாக ஒளி விடுவதில்லை. பின்னால் பேக்லைட் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள திரவப் படிக அடுக்கு இருக்கிறது. அதிலுள்ள மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் திரும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்து ஒளி வெளியே வரும் அளவு கூடும் அல்லது குறையும். இந்த மூலக்கூறுகள் பிசுபிசுப்பான ஒரு திரவத்துக்குள் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலுக்கு ஆகும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்னழுத்தம் கூடும்போது மின்புலம் மூலக்கூறுகளைப் பிடித்துத் தள்ளுகிறது. குறையும்போது தள்ள யாரும் இல்லை. அவை தங்கள் மீள்தன்மையால் பழைய நிலைக்குத் தாமாகத் திரும்ப வேண்டும். ஆகவே ஒரே பிக்சலில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வேறு வேறாக இருக்கும். எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தும் நேரம் மாறும். 8 பிட் பேனலில் 256 நிலைகள் என்றால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் மட்டும் 65,280. அத்தனைக்கும் தனித்தனி நேரம் இருக்கிறது. ஆகவே "இந்த மானிட்டரின் ரெஸ்பான்ஸ் டைம் இவ்வளவு" என்று ஒற்றை எண்ணில் சொன்னாலே கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

மானிட்டரைப் போட்டவுடன் வால் நீளமாக இருக்கிறது, அரை மணி நேரம் கழித்துக் குறைகிறது. பிரமையா?

பிரமை இல்லை. குளிரில் திரவப் படிகத்தின் பிசுபிசுப்பு கூடும், மூலக்கூறுகள் மெதுவாகத் திரும்பும். பேக்லைட் சூடேறியதும் சரியாகிவிடும். கீழே சொல்லும் சோதனைகளையும் மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடிய பிறகு செய்யுங்கள்.

பெட்டியில் 1 மில்லி விநாடி என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு வால் தெரிகிறதே?

அந்த 1 பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது எந்தச் சூழலில், எப்படி அளந்த 1 என்பது பெட்டியில் இருக்காது. பொதுவாக மூன்று விஷயங்கள் அதற்குள் ஒளிந்திருக்கும்.

முதலாவது, அது மிக வேகமான ஓர் எண். ஆயிரக்கணக்கான மாற்றங்களில் நன்றாக வந்ததைப் போட்டுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. அதுவும் பிக்சலைக் கூடுதல் மின்னழுத்தத்தால் வேகமாகத் தள்ளும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்ததாக இருக்கும். அந்த உச்ச நிலையில் படம் பார்க்கச் சகிக்காது என்பது வேறு கதை.

இரண்டாவது, அளக்கும் முறை. சாம்பலிலிருந்து சாம்பலுக்கு என்னும் ஜிடிஜி அளவில், மாற்றத்தின் முதல் 10 விழுக்காட்டையும் கடைசி 10 விழுக்காட்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் கணக்கில் எடுப்பது நெடுநாள் வழக்கம். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த விழுக்காடு திரையிலிருந்து வரும் ஒளியின் அளவில். நம் கண்ணும் படக் கோப்பின் எண்களும் ஒளியை அப்படி நேர்க்கோட்டில் பார்ப்பதில்லை. வழக்கமான காமா 2.2 உள்ள திரையில் முழு வெள்ளையின் 10 விழுக்காடு ஒளி என்பது 255க்குக் கிட்டத்தட்ட 90ஆம் நிலை. 90 விழுக்காடு ஒளி 243ஆம் நிலை. அதாவது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறங்கும் பிக்சலை, 243க்கு வந்ததும் கடிகாரத்தைத் தொடங்கி 90க்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். 90 என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சாம்பல். அங்கிருந்து கறுப்புக்கு இழுத்துக்கொண்டு போகும் கடைசிப் பகுதிதான் நீங்கள் பார்க்கும் வாலின் பெரும்பகுதி. அது கணக்கிலேயே வரவில்லை. இதனால்தான் மானிட்டரை விலாவாரியாகச் சோதிப்பவர்களில் பலர் இப்போது ஒளி அளவை விட்டுவிட்டு, குறித்த நிலைக்குச் சில எண்கள் அருகில் பிக்சல் வந்து சேரும்வரை அளக்கிறார்கள். அவர்கள் தரும் எண் பெட்டியில் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மூன்றாவது, சில பெட்டிகளில் 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் `MPRT` என்று இருக்கும். அது பிக்சல் திரும்பும் நேரமே இல்லை. நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் பரவித் தெரிகிறது என்பதன் அளவு. பேக்லைட்டை மினுக்கவைத்து அதைக் குறைக்கலாம். `GtG`, `MPRT` இரண்டையும் ஒப்பிட்டு மானிட்டர் வாங்குவது, எடையையும் உயரத்தையும் ஒப்பிடுவது போல.

அப்படியென்றால் எத்தனை மில்லி விநாடி இருந்தால் போதும்?

திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்னும் ரெஃப்ரெஷ் ரேட்டைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் திரையில் நிற்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2. அடுத்த ஃப்ரேம் வருவதற்குள் பிக்சல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. சேராவிட்டால் பழைய ஃப்ரேமின் மிச்சம் புதிய ஃப்ரேமில் ஒட்டிக்கொண்டு தெரியும்.

ஓர் உருவம் விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத் திரையை இரண்டு விநாடியில் கடக்கும் வேகம் இது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பிக்சல் மாற 25 மில்லி விநாடி எடுத்தால், உருவத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 24 பிக்சல் நீளத்துக்கு வால் இருக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது இது. 5 மில்லி விநாடி என்றால் வால் 5 பிக்சல்கூட இல்லை. 144 ஹெர்ட்ஸில் அது ஒரு ஃப்ரேமுக்குள் அடங்கிவிடும், தனி நிழலாகக் கண்ணில் படாது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். 240 ஹெர்ட்ஸ் என்று வாங்கிய பேனலில் பாதி மாற்றங்கள் 8 மில்லி விநாடி எடுத்தால், நீங்கள் காசு கொடுத்த கூடுதல் ஃப்ரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொண்டுதான் வரும். ரெஃப்ரெஷ் ரேட்டைப் பார்க்கும் அளவுக்குப் பேனலின் வேகத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நிழல் எதுவும் இல்லை, ஆனால் நகரும்போது எல்லாமே மங்கலாகிறது. இதுவும் ரெஸ்பான்ஸ் டைம்தானா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பலர் ஓவர்டிரைவை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பிக்சல் மாற ஒரு நொடித்துளிகூட ஆகாத ஓர் அற்புதத் திரை இருந்தாலும் இந்த மங்கல் இருக்கும். ஒரு ஃப்ரேம் வந்ததும் அடுத்தது வரும்வரை படம் அதே இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஆனால் உங்கள் கண் உருவத்தைத் தொடர்ந்து ஒரே சீராக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கும் படத்தின்மேல் கண் நகர்வதால், விழித்திரையில் படம் தேய்ந்துவிடுகிறது. மேலே சொன்ன 960 பிக்சல் வேகத்தில் 60 ஹெர்ட்ஸ் திரையில் இந்தத் தேய்ப்பு 16 பிக்சல். 120 ஹெர்ட்ஸில் 8, 240 ஹெர்ட்ஸில் 4. பிக்சல்கள் மிக வேகமாக மாறும் ஓஎல்இடி திரையிலும் 60 ஹெர்ட்ஸில் எழுத்து ஸ்க்ரோல் ஆகும்போது மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

எது எது என்று கண்டுபிடிப்பது எளிது. தேய்ப்பு மங்கல் உருவத்தின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஒரே மாதிரி இருக்கும். கோஸ்டிங்கில் பின்னால் உள்ள வால் மட்டும் நீண்டு, மெல்ல மெல்ல மறையும். முதலாவதற்கு மருந்து அதிக ரெஃப்ரெஷ் ரேட், அதற்கு ஈடான ஃப்ரேம்கள். ஓவர்டிரைவ் இரண்டாவதற்கு மட்டும்தான்.

சரி, ஓவர்டிரைவ் உள்ளே என்னதான் செய்கிறது?

கனமான கதவைத் திறக்க முதலில் ஓங்கித் தள்ளிவிட்டு, பாதியில் கையை எடுத்துவிடுவோம் இல்லையா, அதே வேலை. போக வேண்டிய நிலைக்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுக்காமல், ஒரே ஒரு ஃப்ரேம் நேரத்துக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள். பிக்சல் வேகமாகக் கிளம்பி, ஃப்ரேம் முடியும்போது சரியான நிலைக்கு வந்திருக்கும். அடுத்த ஃப்ரேமில் உண்மையான மின்னழுத்தத்தைக் கொடுத்து அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். ஒரு பிக்சல் 60ஆம் நிலையிலிருந்து 120க்குப் போக வேண்டும். திரை 144 ஹெர்ட்ஸ். ஒரு ஃப்ரேம் நேரத்தில் மிச்சத் தூரத்தில் 60 விழுக்காட்டைக் கடக்கும் பேனல் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் முதல் ஃப்ரேம் முடிவில் அது 96இல் இருக்கும். இரண்டாவதில் 110, மூன்றாவதில் 116. ஆக மூன்று ஃப்ரேம் ஆகியும் சேரவில்லை. அந்த மூன்று ஃப்ரேமும் வாலாகத் தெரியும். இப்போது ஓவர்டிரைவ் 120க்குப் பதிலாக 160க்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. கடக்க வேண்டிய தூரம் 100 ஆகிவிட்டதால், அதில் 60 விழுக்காட்டைக் கடந்து முதல் ஃப்ரேம் முடிவிலேயே பிக்சல் கச்சிதமாக 120க்கு வந்துவிடுகிறது.

எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எவ்வளவு கூடுதலாகத் தள்ள வேண்டும் என்பதை ஓர் அட்டவணையாக மானிட்டருக்குள் எழுதிவைத்திருப்பார்கள். மானிட்டர் முந்தைய ஃப்ரேமை நினைவில் வைத்து, புதியதோடு ஒப்பிட்டு, அட்டவணையைப் பார்த்து மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும். நீங்கள் மெனுவில் அளவை மாற்றும்போது மாறுவது பெரும்பாலும் இந்த அட்டவணைதான். நல்ல அட்டவணை தயாரிக்க உட்கார்ந்து அளக்க வேண்டும். ஒரே பேனலை வாங்கிப் போட்ட இரண்டு மானிட்டர்களில் ஒன்று சுத்தமாகவும் இன்னொன்று அலங்கோலமாகவும் இருப்பதற்கு இந்த உழைப்பின் வித்தியாசமே காரணம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. முழு உச்ச நிலையான 255க்குப் போக வேண்டுமானால் அதற்குமேல் தள்ள நிலை எதுவும் இல்லை. 0க்கு இறங்கவும் அப்படியே; அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த இரண்டு ஓரங்களிலும் பேனலின் இயல்பான வேகம் என்னவோ அதுதான் கிடைக்கும்.

உச்சத்தில் வைத்தால் நிழல் போகிறது, ஆனால் உருவத்துக்குப் பின்னால் வெளிச்சமாக ஒரு கோடு வருகிறதே?

இதுதான் ஓவர்ஷூட். தலைகீழ் கோஸ்டிங் என்றும் சொல்வார்கள். மேலே சொன்ன பிக்சலுக்கு 160க்குப் பதிலாக 200 கொடுத்தால் என்ன ஆகும்? 60இலிருந்து 140 நிலைகள் தூரம், அதில் 60 விழுக்காடு 84. முதல் ஃப்ரேம் முடிவில் பிக்சல் 144இல் இருக்கும். போக வேண்டியது 120. அந்த 24 நிலை அதிகப்படியான வெளிச்சம்தான் நீங்கள் பார்க்கும் கோடு. இறங்கும் மாற்றத்தில் இதே தவறு நடந்தால் தேவைக்குமேல் கறுத்த ஒரு பட்டை வரும். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப் பிக்சல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுக்குத் தாண்டுவதால், கோட்டில் அசலில் இல்லாத நிறமும் ஏறிக்கொள்ளும்.

மங்கலான வால் பெரும்பாலும் படத்தோடு படமாகக் கலந்துவிடும். ஆனால் அசலில் எங்கும் இல்லாத வெளிச்சம் கண்ணைச் சுண்டி இழுக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கொஞ்சம் வால் இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

என் மானிட்டரில் எந்த அளவில் வைப்பது? ஒவ்வொரு மெனுவிலும் ஒவ்வொரு பெயர் இருக்கிறது.

பெயர்களை நம்ப வேண்டாம். சிலவற்றில் `Overdrive`, சிலவற்றில் `Response Time`, `Trace Free`, `AMA` என்றெல்லாம் இருக்கும். ஒன்றில் `Fast` என்பது நடு நிலை, இன்னொன்றில் அதே சொல் உச்சத்துக்கு ஒரு படி கீழே. கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

`Off`, `Normal`, `Fast`, `Fastest` என்று நான்கு அளவுகள் உள்ள ஒரு 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது உண்மையிலேயே 144இல் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் `Settings > System > Display > Advanced display` என்ற இடத்தில் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து 60இலேயே ஓட்டிக்கொண்டு, மானிட்டரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். பிறகு கேம் தரும் ஃப்ரேம்களுக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் போன்ற மாறும் ரெஃப்ரெஷ் ரேட் வசதியைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு, பிரவுசரில் `testufo.com/ghosting` பக்கத்தைத் திறங்கள். இருண்ட, நடுத்தர, வெளிர் பின்னணிகளில் மூன்று வரிசையாகச் சிறிய விண்கலப் படம் ஓடும். ஒரே இடத்தை வெறித்துப் பார்க்காமல், ஒரு விண்கலத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள்.

`Off` நிலையில் பின் விளிம்பிலிருந்து சாம்பல் வால் ஒன்று தெரியும். அதை மனத்தில் பதியவைத்துக்கொண்டு `Normal` போடுங்கள். வால் சுருங்கும். `Fast` போட்டால் ஏறக்குறைய காணாமல் போகும். இங்கே மூன்று வரிசையையும் தனித்தனியாகப் பாருங்கள். இருண்ட வரிசையில் சுத்தமாக இருப்பது நடு வரிசையில் மெல்லிய வெளிர் விளிம்பைக் காட்டலாம். `Fastest` போட்டால் விண்கலத்துக்குப் பின்னால் அதைவிட வெளிச்சமாக ஒரு பிரதி ஒட்டிக்கொண்டு வருவதைத் தவறவிடவே முடியாது. இப்போது எல்லை தெரிந்துவிட்டது. வெளிச்சக் கோடு எங்கே முதலில் கண்ணில் பட்டதோ, அதற்கு ஒரு படி கீழே வையுங்கள். நான்கு அளவு உள்ள மானிட்டரில் பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் விடையாக வரும்.

கடைசியாக நீங்கள் உண்மையில் ஆடும் கேமில் ஐந்து நிமிடம் பாருங்கள். சோதனைப் படத்தில் தெரிந்த மெல்லிய விளிம்பு கேமில் தெரியவே இல்லையென்றால், ஒரு படி ஏற்றி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

144இல் சுத்தமாக இருக்கிறது. கனமான கேமில் 60 ஃப்ரேமுக்கு இறங்கியதும் வெளிச்சக் கோடு வந்துவிடுகிறது. அளவை நான் மாற்றவே இல்லையே!

நீங்கள் மாற்றவில்லை, ஃப்ரேமின் நீளம் மாறிவிட்டது. ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் போட்டிருப்பீர்கள். கேம் 60 ஃப்ரேம் தந்தால் மானிட்டரும் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

அதே பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 160க்கு உரிய தள்ளல் 6.9 மில்லி விநாடியில் நிற்கும் என்று நம்பி அட்டவணையை எழுதியிருந்தார்கள். இப்போது ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி நீள்கிறது. தள்ளலும் அதுவரை நிற்பதில்லை. 120ஐக் கடந்தும் பிக்சல் ஏறிக்கொண்டே போய், அதே எளிய கணக்கின்படி 149 வரைக்கும் வந்துவிடும். அடுத்த ஃப்ரேமில்தான் கீழே இறங்கும். 144இல் கச்சிதமாக இருந்த அளவு 60இல் 29 நிலை தாண்டுகிறது.

ரெஃப்ரெஷ் ரேட்டைக் கவனித்துத் தள்ளலையும் தானாகக் குறைத்துக்கொள்ளும் மானிட்டர்கள் உண்டு. மாறும் ஓவர்டிரைவ் என்று அதற்குப் பெயர். என்விடியாவின் தனி ஜிசிங்க் மாட்யூல் பொருத்திய மானிட்டர்கள் இதற்குப் பேர்போனவை. உங்களுடையதில் அது இல்லையென்றால் வழி இரண்டு. கேம் எப்போதும் 50க்கும் 80க்கும் நடுவில்தான் ஓடுகிறது என்றால், சோதனையையும் 60 ஹெர்ட்ஸில் செய்து, அங்கே சுத்தமாக இருக்கும் அளவைப் போடுங்கள். அது பெரும்பாலும் ஒரு படி கீழே இருக்கும். 120க்கு மேலே ஓடும் போட்டி கேம்களும் ஆடுவீர்கள் என்றால், மானிட்டரின் இரண்டு பட முறைகளில் இரண்டு அளவுகளைச் சேமித்துவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சில மானிட்டர்கள் ஓவர்டிரைவைப் பட முறைக்குத் தனித்தனியாகச் சேமிக்காது. ஒருமுறை மாற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விஏ பேனல் வைத்திருக்கிறேன். பகல் காட்சிகள் நன்றாக இருக்கின்றன. இருட்டில் நகர்ந்தால் மட்டும் மை பூசினாற்போல் கறுப்பு இழுபடுகிறது.

விஏ பேனலின் பிறவிக் குணம் அது. கறுப்பு நிலையில் அதன் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு ஏறத்தாழ செங்குத்தாக நிற்கின்றன. அந்த நிலையில் பேக்லைட் ஒளி கசிவது மிகக் குறைவு. விஏவின் ஆழமான கறுப்புக்கும் அதிக கான்ட்ராஸ்டுக்கும் அதுதான் காரணம். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போக மின்புலம் பலமாகத் தள்ளுவதால் அவை சட்டென்று சாய்ந்துவிடும். ஆனால் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்குப் போகக் கொடுக்கப்படும் மின்னழுத்தம் மிகச் சிறியது. செங்குத்தாக நிற்கும் மூலக்கூறு அந்தச் சிறு தள்ளலுக்கு மசிந்து சாயத் தொடங்கவே நேரம் எடுக்கும். இப்படி இருண்ட மாற்றங்கள் மட்டும் பல ஃப்ரேம்களுக்கு நீள்கின்றன.

ஓவர்டிரைவ் இங்கே ஓரளவுக்கு உதவும். ஆனால் இருண்ட மாற்றங்களைச் சரிசெய்யும் அளவுக்கு ஏற்றினால், ஏற்கெனவே வேகமாக இருந்த வெளிர் மாற்றங்கள் தாண்டிக் குதிக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தில்தான் முடியும். மானிட்டரிலோ கேமிலோ கறுப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால், அதாவது 0க்குப் பதிலாகச் சற்றே வெளிறிய கறுப்பாக வைத்தால், பிக்சல்கள் அந்த மெதுவான ஓரத்துக்கே போகாமல் தப்பிக்கும், கறையும் குறையும். ஆழமான கறுப்புக்காக விஏ வாங்கியவருக்கு இது கசக்கும் என்பது தெரியும். இருட்டான வேக கேம்கள்தான் உங்கள் பிரதான வேலை என்றால், அடுத்த முறை வாங்கும்போது ஐபிஎஸ் பக்கம் போங்கள். வேகமான விஏ பேனல்களும் வந்திருக்கின்றன, ஆனால் பெட்டியைப் பார்த்து அவற்றை அடையாளம் காண முடியாது. இருண்ட மாற்றங்களைத் தனியாக அளந்து காட்டும் ஒரு விமரிசனத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பேக்லைட் மினுக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் ஓவர்டிரைவ் வேண்டாமா?

அப்போதுதான் ஓவர்டிரைவ் இன்னும் சரியாக இருக்க வேண்டும். அந்த வசதி, பிக்சல்கள் மாறும் நேரத்தில் பேக்லைட்டை அணைத்துவைத்து, மாறி முடிந்ததும் ஒரு நொடித்துளி மட்டும் எரியவிடுகிறது. மேலே சொன்ன தேய்ப்பு மங்கல் இதனால் வெகுவாகக் குறையும். ஆனால் விளக்கு எரியும்போது பிக்சல் வந்து சேர்ந்திருக்காவிட்டால், உருவத்துக்குப் பக்கத்தில் கூர்மையான இரண்டாவது பிரதி ஒன்று தெரியும். திரை வெளிச்சமும் குறையும். பல மானிட்டர்களில் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் கூடவே அணைந்துவிடும். மினுக்கலால் தலைவலி வருபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஓவர்டிரைவை எப்போதும் போட்டுவைத்தால் பேனலுக்குக் கெடுதலா?

இல்லை. கூடுதல் மின்னழுத்தம் என்றாலும் அது பேனல் வழக்கமாகக் காட்டும் 0 முதல் 255 வரையிலான நிலைகளுக்குள்தான் இருக்கிறது. மேலே பார்த்த 160 என்பதும் வேறொரு சாம்பலுக்கான சாதாரண மின்னழுத்தமே. எழுத்து வேலை மட்டும் செய்கிறீர்கள் என்றால் அணைத்துவைத்தாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

கண்ணுக்குத் தெரிகிற வால் போனில் எடுத்தால் வேறு மாதிரி வருகிறது. எதை நம்புவது?

போனை அசையாமல் பிடித்து எடுத்தால், திரை ஒரு கணத்தில் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் பதிவாகும். கண் நகர்வதால் வரும் தேய்ப்பு அதில் இருக்காது. ஷட்டர் வேகத்தைப் பொறுத்து இரண்டு மூன்று ஃப்ரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இல்லாத நிழலையும் காட்டும். கண் பார்ப்பது போலவே பதிவாக வேண்டுமென்றால், ஓடும் உருவத்தோடு அதே வேகத்தில் கேமராவையும் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும். மானிட்டர் சோதனைகளில் நீங்கள் பார்க்கும் விண்கலப் படங்கள் பலவும் கேமராவை ஒரு தண்டவாளத்தில் ஓடவிட்டு எடுத்தவை. ஷட்டர் நான்கு ஃப்ரேம் நேரத்துக்குத் திறந்திருக்குமாறு வைப்பது வழக்கம். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் 1/30 விநாடி. கையால் நகர்த்தியும் முயன்று பார்க்கலாம், ஆனால் பத்தில் ஒன்றுதான் உருப்படியாக வரும். மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்றால், வால், வெளிச்சக் கோடு இரண்டில் எது என்று தெரியும்படி, எந்த ஓவர்டிரைவ் அளவில், எந்த ரெஃப்ரெஷ் ரேட்டில் எடுத்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாத படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.